தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போகட்டும்!

வீட்டில் தம்பிக்கு 18 வயது முடியப் போகிறது. சம்பாதிக்கிற அண்ணன் என்ற ஒரே குற்றத்துக்காக எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். “என்னடா வாங்கித் தரப்போறே?” என்று அம்மா நாலு தடவை கேட்டாயிற்று. தம்பி மட்டும் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால், தெருவில் எந்த பைக் போனாலும் அதன் பெயர், சி.சி., மைலேஜ், விலை எல்லாவற்றையும் உங்கள் காதில் விழுகிற மாதிரி ஒப்பிக்கிறான். புரிந்துகொள்ள வேண்டியதுதான்!

பைக் வாங்கித் தர உங்கள் சம்பள ஸ்லிப் சம்மதிக்காது. சரி, வேறு என்ன வாங்கலாம்? ஷர்ட் என்றால், அது தீபாவளிக்கும் வருகிறது. வாட்ச் என்றால், பையன் மணி பார்ப்பது செல்போனில். பேனா கொடுத்தால் டப்பாவோடு பீரோவுக்குள் போய், உங்கள் பேரன் காலத்தில்தான் வெளியே வரும். மோதிரம் என்று சொல்லிப் பார்க்கலாம். நகைக்கடை வாசலில் அன்றைய விலைப் பலகையைப் படித்ததும் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும்.

இவை எல்லாவற்றிலும் இன்னொரு குறை உண்டு. இவற்றை 17 வயதிலும் கொடுக்கலாம், 27 வயதிலும் கொடுக்கலாம். ‘இன்றிலிருந்து நீ பெரியவன்’ என்று சொல்கிற பரிசு இவற்றில் எதுவும் இல்லை.

அப்படிச் சொல்கிற பரிசு ஒன்று இருக்கிறது. தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு ஹெல்மெட்டும், அதோடு எல்.எல்.ஆர். எடுக்கக் கட்ட வேண்டிய பணமும்!

“ஹெல்மெட்டா? இதுக்கு ஒரு குடையும் டார்ச் லைட்டும் சேர்த்துக் குடுத்துடலாமே அண்ணே!” என்று தம்பி முகத்தைச் சுளிக்கலாம். சுளிக்கட்டும். சட்டத்தைக் கொஞ்சம் எடுத்துச் சொன்னால் முகம் நேராகிவிடும்.

நேற்று நீங்கள், இன்று அவன்

18 வயது ஆகாத பையன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டினால், சட்டம் பையனை மட்டும் தேடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அவனுடைய அப்பாவோ, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது.

“16 வயசுலேயே ஸ்கூட்டர் ஓட்டலாமே ஸார்!” என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 50 சி.சி.க்கு மேல் போகாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. இன்று கடைகளில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.யைத் தாண்டியவை. அந்த ஸ்கூட்டருக்கும் 18 வயதுதான் கணக்கு.

18 முடிந்த அன்று காட்சி மாறுகிறது. அவன் பெயரில், அவன் போட்டோ ஒட்டி, அவன் கையெழுத்தோடு எல்.எல்.ஆர். எடுக்கலாம். அதற்கப்புறம் ஹெல்மெட் இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் அவனுக்கு. அவனுடைய லைசென்ஸைத்தான் 3 மாதம் நிறுத்தி வைப்பார்கள். அதாவது, நேற்று வரை அவன் வண்டி ஓட்டினால் ஜெயில் உங்களுக்கு. இன்றிலிருந்து அபராதம் அவனுக்கு. பெரியவன் ஆவது என்றால் வேறு என்னவாம்?

லாரன்ஸ் விழுந்தார், டாக்டர் யோசித்தார்

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படம் ஆரம்பிப்பதே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். அது கற்பனை அல்ல. 1935 மே 13-ம் தேதி இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே லாரன்ஸ் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார், விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்துபோனார்.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பாலைவனத்தில் போர் நடத்தித் தப்பித்த மனிதர் வீட்டு வாசலில் விழுந்து சாவதா என்ற கேள்வி யாருக்கும் வரும். கெய்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய ஆரம்பித்தார். ஹெல்மெட் ஏன் அவசியம் என்று 1941-ல் அவர் எழுதிய கட்டுரைதான் பிரிட்டிஷ் ராணுவத்தின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தலையில் ஹெல்மெட் ஏற வழி செய்தது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2008-ல் கணக்குப் பார்த்தார்கள். விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சாவதற்கான வாய்ப்பை ஹெல்மெட் 42 சதவிகிதமும், தலையில் அடிபடும் வாய்ப்பை 69 சதவிகிதமும் குறைக்கிறது என்று தெரிந்தது.

இதைச் செய்வது வெளியே பளபளக்கிற ஓடு மட்டும் அல்ல. உள்ளே இருக்கிற தெர்மக்கோல்! டி.வி. வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் வருமே, அதன் சொந்தக்காரன்தான். ஆனால், இன்னும் கெட்டியானது. மேல் ஓடு அடியைப் பரவலாக வாங்கிக்கொள்கிறது. தெர்மக்கோல் நசுங்கிக் கொடுக்கிறது. அது நசுங்குகிற அந்த இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் தலை மெதுவாக நிற்கிறது. அது இல்லையென்றால், தரையில் பட்ட கணத்திலேயே மண்டை நின்றுவிடும். உள்ளே இருக்கிற மூளை மட்டும் நிற்காமல் போய் மண்டையோட்டில் மோதும்.

“நான் ஸ்பீடாப் போகமாட்டேன் அண்ணே, கடைக்குத்தானே!” என்பான் தம்பி. ஒரு சின்னக் கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தால்கூட, தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஸ்பீடாமீட்டரில் பூஜ்யம்தான், ஆனால் தலைக்கு அது தெரியாது!

செங்கல்பட்டு அண்ணன் வாங்கிய கதை

எங்கள் செக்‌ஷன் நண்பர் ஒருவர் செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவர். போன மாதம் தம்பிக்கு இப்படித்தான் ஒரு ஹெல்மெட் வாங்கினார். பட்ஜெட் 2,000 ரூபாய். அவர் செய்ததை வரிசையாகச் சொன்னாலே போதும், நீங்களும் வாங்கிவிடலாம்.

முதலில் அவர் கைவிட்டது, ‘ஸர்ப்ரைஸ்’ என்கிற யோசனையை. ஷர்ட்டைக் குத்துமதிப்பாக வாங்கலாம், ஹெல்மெட்டை முடியாது. தலை நேரில் வந்தாக வேண்டும். வீட்டிலேயே தையல் டேப் எடுத்து, தம்பியின் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காதுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டையில் புடைப்பாக இருக்கிற இடம் வழியாகக் கொண்டுவந்து அளந்தார். 57 சென்டிமீட்டரும் சொச்சமும்.

“எதுக்குடா புள்ளைத் தலையை அளக்கறே? யாராவது சூனியம் வச்சிடப் போறாங்க!” என்று அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்களாம்.

பல கம்பெனிகளில் 560 என்றால் ஸ்மால், 580 மீடியம், 600 லார்ஜ். இது மில்லிமீட்டர் கணக்கு. ஆக, தம்பிக்கு மீடியம். ஆனால், இதை வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது. செருப்பு மாதிரிதான் இதுவும். ஒரு கம்பெனி மீடியம் இன்னொரு கம்பெனிக்கு லார்ஜாக இருக்கும்.

போகிற வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் குடை விரித்து ஹெல்மெட் அடுக்கி வைத்திருந்தவர், “வாங்க ஸார், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது, 350 ரூபாய்தான்!” என்றார். முத்திரை இருந்தது, பளிச்சென்று. நண்பர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரின் மேல்பக்கம் ஐ.எஸ். 4151 என்ற எண் இருந்தது. கீழே சி.எம்./எல். என்று ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டுமே? அந்த இடம் காலி. உள்ளே விரலை விட்டு அழுத்தினால் தெர்மக்கோலுக்குப் பதிலாக மெத்துமெத்தென்று ஸ்பாஞ்ச். பட்டையை இழுத்தால் ரிவெட் ஆடுகிறது. மழைக்கு ஆகும், விழுந்தால் ஆகாது.

2021 ஜூன் 1-லிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே, எல்லோரும் முத்திரை ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுவதற்கு என்ன, பசை போதுமே! அதனால், அந்த சி.எம்./எல். நம்பரைச் சோதிக்கத் தெரிய வேண்டும். செல்போனில் BIS Care என்ற அரசாங்க ஆப் இருக்கிறது. நம்பரைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். ஹெல்மெட்டில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் என்றால் மரியாதையாக நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, பெரிய கடை. தம்பிக்கு முதலில் பிடித்தது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒன்று. “சினிமா வில்லன் மாதிரி இருக்கு, சூப்பர்!” நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ராத்திரி எட்டு மணிக்கு ட்யூஷன் விட்டு வர்றப்போ என்னடா தெரியும்?” ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி போட்டால், ரோட்டில் பள்ளமும் தெரியாது, மாடும் தெரியாது. வெள்ளைக் கண்ணாடிதான் சரி. தலையில் தொப்பி மாதிரி உட்காருகிற அரை ஹெல்மெட்டையும் ஒதுக்கினார்கள். அதில் தாடைக்கும் பல்லுக்கும் காவல் இல்லை.

முதலில் லார்ஜ் போட்டுப் பார்த்தான். “ஆஹா, ஹாயா இருக்கு அண்ணே!” இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். ஹாயாக இருந்தால் பெரிசு என்று அர்த்தம்! நண்பர் பட்டையை மாட்டச் சொன்னார். பின்னால் நின்று, கழுத்துப் பக்கத்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மேலே தூக்கி முன்பக்கமாகத் தள்ளினார். ஹெல்மெட் உருண்டு நெற்றி வழியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. பட்டை மாட்டியபடியே! ரோட்டில் விழுகிறபோதும் இப்படித்தான், தலைக்கு முன்னால் ஹெல்மெட் தனியாக உருண்டு போகும்.

மீடியம் போட்டான். கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பி, வாய் குவிந்துகொண்டது. “டைட்டா இருக்கு” என்று புலம்பல். அது சரியான டைட்தான். கன்னத்தில் அழுத்தம் இருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால், நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் சும்மா இருந்து ஹெல்மெட் மட்டும் வழுக்கினால், அது லூஸ். உள் பஞ்சு பழகப் பழகக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இன்றைக்குச் சரியாக இருக்கிற லூஸ் ஹெல்மெட், மூணு மாதத்தில் குடத்தில் கவிழ்த்த தலையாகிவிடும்.

“பத்து நிமிஷம் கழற்றாதே” என்றார் நண்பர். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். பத்து நிமிஷம் கழித்துக் கழற்றினால், நெற்றி நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்புத் தடம், “வலிக்குது” என்றான். கன்னத்தில் பரவலான அழுத்தம் இருக்கலாம். ஒரே புள்ளியில் வலி கூடாது. அந்தக் கம்பெனி அச்சு இந்த மண்டையின் வடிவத்துக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். சைஸை மாற்றுவது அல்ல, கம்பெனியை மாற்றுவதுதான் வழி. இன்னொரு கம்பெனி மீடியம் போட்டான். பத்து நிமிஷம் ஆயிற்று, தடம் இல்லை. பின்னாலிருந்து தள்ளியும் கழலவில்லை. தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குப் பட்டையைச் சரிசெய்தார்கள். உள்ளே தயாரிப்பு மாதமும் வருடமும் பார்த்தார்கள். மூணு மாதத்துக்கு முன்னால் செய்தது. விலை 1,950 ரூபாய். பில் போடும்போது நிறத்தை மட்டும் தம்பி தேர்ந்தெடுத்தான். மஞ்சள்! “தூரத்திலிருந்தே லாரிக்காரனுக்குத் தெரியும்ல?” என்றானாம். பையன் பெரியவனாகிவிட்டான் என்று நண்பருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்ததாம்.

தங்கைக்கு என்றால்...

ஒரே ஒரு விஷயம் கூடுதல். கடைக்குப் போகும்போது, தினமும் காலேஜுக்கு எப்படித் தலை வாரிக்கொண்டு போவாளோ அப்படியே போக வேண்டும். உச்சியில் போட்ட கொண்டைக்கு எந்த ஹெல்மெட்டும் பொருந்தாது. பொருந்துகிற மாதிரி பெரிய சைஸ் வாங்கினால் அது கழன்று போகும். கழுத்துக்குக் கீழே பின்னலாகவோ தாழ்வாகக் கட்டிய குதிரைவாலாகவோ இருந்தால் பிரச்னை இல்லை. கெட்டியான கிளிப்பை உள்ளே வைத்து ஹெல்மெட் போடக் கூடாது. விழுந்தால் தெர்மக்கோல் காப்பாற்றும், கிளிப் குத்தும். மல்லிகைப் பூவை, போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வாடாமலும் இருக்கும்!

வாங்கிய பிறகு

மறுநாள் நண்பர் தம்பியை உட்காரவைத்து எல்.எல்.ஆர். விண்ணப்பம் போட வைத்தார். விண்ணப்பத்தை நிரப்பியது தம்பிதான். பணம் மட்டும் அண்ணனுடையது. கியர் உள்ள வண்டி என்று குறிப்பிட மறக்கக் கூடாது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால் பைக்கைத் தொட முடியாது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம். அதுவரை வண்டியில் சிவப்பு ‘எல்’ மாட்ட வேண்டும். பின்னால் ஃபிரெண்டை ஏற்றிக்கொண்டு சுற்றக் கூடாது. கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ்காரர் மட்டும் உட்காரலாம். அவர் தலையிலும் ஹெல்மெட் வேண்டும். சட்டப்படி, 4 வயதுக்கு மேல் டூவீலரில் உட்காருகிற எல்லோருக்கும் அது கட்டாயம்.

ஹெல்மெட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் பரிசோடு சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வண்டிக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து மாட்டக் கூடாது. கண்ணாடி முனை உள்ளே தெர்மக்கோலில் குழி போட்டுவிடும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, ஓடு பலவீனமாகிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நம் ஊர் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் உள்ளே ஒரு தனி வாசனை கிளம்பும். அதனால், கழற்றித் துவைக்கிற மாதிரி பஞ்சு உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. உள்ளே ஒரு மெல்லிய கைக்குட்டை கட்டிக்கொள்ளலாம். அதற்காக டர்க்கி டவலைச் சுற்றிக்கொண்டு ஹெல்மெட் போட்டால் அளந்ததெல்லாம் வீண்.

கடைசியாக ஒன்று. தெர்மக்கோல் ஒரு தடவைதான் நசுங்கும், திரும்ப எழுந்திருக்காது. ஒரு விபத்தில் தலை பலமாக மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். அப்படி மோதாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது உத்தமம். அப்போது அவனுக்கு 23 வயது இருக்கும், சம்பாதித்துக்கொண்டிருப்பான். அடுத்ததை அவனே வாங்கிக்கொள்ளட்டும்.

முடிந்தால், உங்களுக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். தையல் டேப் வீட்டில்தானே இருக்கிறது!